ஒரே ஒரு தளம் மட்டும் பெரிதாகத் தெரிகிறதா?

கேள்வி: மடிக்கணினியில் குரோம் பயன்படுத்துகிறேன். சில நாட்களாக எங்கள் வங்கியின் நெட்பேங்கிங் பக்கம் மட்டும் பூதாகரமாகத் தெரிகிறது. மேலே வரிசையாக இருந்த மெனுவைக் காணவில்லை. மூன்று கோடுகள்தான் நிற்கின்றன. அதே வங்கியின் முகப்புப் பக்கமும் மற்ற தளங்களும் சரியாகவே இருக்கின்றன. கேஷ், குக்கி இரண்டையும் அழித்துவிட்டேன். இன்காக்னிட்டோவிலும் அதே கதைதான். ஃபயர்பாக்ஸில் மட்டும் ஒழுங்காகத் திறக்கிறது. வங்கி தளத்தை மாற்றிவிட்டதா, என் குரோம் கெட்டுவிட்டதா?

பதில்: இரண்டும் இல்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து, அதன் மேல் ஒருமுறை கிளிக் செய்துவிட்டு Ctrl+0 அழுத்துங்கள். அது பூஜ்யம், ஓ என்ற எழுத்தை அழுத்தினால் கோப்பு திறக்கும் பெட்டி வந்துவிடும். மேக் கணினி என்றால் Cmd+0. அநேகமாக அந்த நொடியே பக்கம் பழைய அளவுக்குத் திரும்பும்.

நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். கணக்கு எண்ணையோ வேறு எதையோ Ctrl+C கொடுத்து நகலெடுத்திருப்பீர்கள். விரல் Ctrl விசையை விட்டு எழும்பும் முன்பே மவுஸ் சக்கரம் உருண்டிருக்கும், அல்லது டச்பேடில் இரண்டு விரல்கள் நகர்ந்திருக்கும். Ctrl அழுந்தியிருக்கும்போது சக்கரம் உருண்டால் குரோம் அதை ஜூம் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். 100 சதவீதத்திலிருந்து 110, 125, 150 என்று ஏறுவதற்கு மூன்றே படிகள்தான். திரை பெரிதான அந்தக் கணத்தில் நீங்கள் வேறு வேலையில் இருந்திருந்தால், தளம்தான் மாறிவிட்டது என்று தோன்றுவது இயல்பு.

மெனு காணாமல் போனது நமக்கு நல்ல தடயம். பல மடிக்கணினிகளின் திரை அகலம் 1366 பிக்சல். 150 சதவீத ஜூமில் அந்த அகலம் தளத்தின் கணக்கில் 910 பிக்சலாகச் சுருங்கிவிடுகிறது. அகலம் இவ்வளவுக்குக் கீழே போனால் மெனுவை மடித்துவிடு என்று பெரும்பாலான தளங்கள் எழுதி வைத்திருக்கின்றன. பரவலாகப் பயன்படும் எல்லைகளில் ஒன்று 992 பிக்சல். ஆகவே உங்கள் பெரிய திரையைத் தளம் ஒரு டேப்லெட் என்று எண்ணிக்கொண்டு, மெனுவை மூன்று கோடுகளுக்குள் அடக்கிவிட்டது. டச்பேடில் இரண்டு விரல்களை விரித்துப் பெரிதாக்கும்போது இப்படி நடக்காது. அப்போது அமைப்பு மாறாமல் பக்கத்தின் ஒரு பகுதி மட்டும் நெருக்கமாகத் தெரியும். குரோம் அதை நினைவிலும் வைத்துக்கொள்வதில்லை.

Ctrl வழியாகச் செய்யும் ஜூமை மட்டும் அது மறப்பதே இல்லை. ஒவ்வொரு முறை நீங்கள் அளவை மாற்றும்போதும், தளத்தின் பெயரையும் ஜூம் அளவையும் உங்கள் குரோம் சுயவிவரத்தின் `Preferences` கோப்பில் எழுதி வைக்கிறது. தேவையற்ற வரிகளை நீக்கினால் அந்தக் குறிப்பு இப்படி இருக்கும்:

```
"per_host_zoom_levels": {
  "netbanking.example.com": {
    "zoom_level": 2.2239
  }
}
```

150 எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். குரோம் சதவீதத்தை எழுதுவதில்லை, 1.2 என்ற எண்ணின் அடுக்காக எழுதுகிறது. 1.2-ஐ 2.2239 அடுக்குக்கு உயர்த்தினால் 1.5 வரும். இந்தக் கணக்கில் 100 சதவீதம் என்பது 0. இந்தக் கோப்பைக் கையால் திருத்தும் வேலை உங்களுக்கு வேண்டாம்.

கவனிக்க வேண்டியது பெயரைத்தான். குரோம் குறித்துக்கொள்வது முகவரியில் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள தளப் பெயரை மட்டும். `netbanking` என்று தொடங்கும் பெயரும் `www` என்று தொடங்கும் பெயரும் ஒரே வங்கியுடையவை என்றாலும் குரோமுக்கு அவை இரண்டு வேறு தளங்கள். முகப்புப் பக்கம் தப்பித்தது அதனால்தான். லாகின், கணக்கு விவரம், பணப் பரிமாற்றம் எல்லாம் ஒரே பெயரின் கீழ் வருவதால் அவை மொத்தமாகப் பெருத்துவிட்டன. அதே பெயரில் இரண்டு டேப்கள் திறந்து, ஒன்றில் ஜூமை மாற்றிப் பாருங்கள். மற்றதும் கூடவே மாறும்.

கேஷும் குக்கியும் அழித்தது ஏன் பலிக்கவில்லை என்பதும் இப்போது புரிந்திருக்கும். ஜூம் குறிப்பு அந்த இரண்டிலும் இல்லை. தரவை அழிக்கும் பெட்டியில் `Site settings` என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால்தான் ஜூம் போகும். கால அளவையும் `All time` என்று வைக்க வேண்டும். கடைசி ஒரு மணி நேரம் என்று விட்டால் போன வாரம் மாற்றிய ஜூம் அப்படியே இருக்கும். ஆனால் கேமரா, மைக், அறிவிப்பு என்று தளங்களுக்கு நீங்கள் கொடுத்த அனுமதிகளும் இதோடு போய்விடும். ஒரு ஜூமுக்காக இதைச் செய்யச் சொல்லமாட்டேன்.

இன்காக்னிட்டோ சோதனைதான் பலரைத் தவறான பக்கம் திருப்புகிறது. அந்தச் சாளரத்தில் எல்லாமே புதிதாகத் தொடங்கும் என்று நினைக்கிறோம். ஜூம் விஷயத்தில் அப்படி இல்லை. சாதாரணச் சாளரத்தில் பதிவான ஜூம் அளவுகளை இன்காக்னிட்டோ அப்படியே எடுத்துக்கொள்கிறது. அங்கே நீங்கள் செய்யும் மாற்றம்தான் வெளியே வருவதில்லை. குரோமுக்குள்ளேயே சுத்தமாகச் சோதிக்க வேண்டுமென்றால் விருந்தினர் சாளரத்தை, அதாவது `Guest` சாளரத்தைத் திறந்து பாருங்கள்.

எந்தெந்தத் தளங்களுக்கு ஜூம் பதிவாகியிருக்கிறது என்று முழுப் பட்டியலையும் பார்க்கலாம். முகவரிப் பட்டையில் இதைத் தட்டச்சு செய்யுங்கள்:

```
chrome://settings/content/zoomLevels
```

தளப் பெயரும் அதன் சதவீதமும் வரிசையாக வரும். வேண்டாததன் எதிரே உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் அந்தக் குறிப்பு நீங்கிவிடும். எப்போதோ ஒருமுறை பெரிதாக்கிவிட்டு மறந்துபோன தளங்கள் அங்கே நிறைய இருக்கலாம்.

Ctrl+0 அழுத்தியும் மாறவில்லை என்றால், அந்த விசைக் கூட்டைத் தளமே தன் உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டிருக்கலாம். மூன்று புள்ளி மெனுவில் உள்ள ஜூம் வரியில் கழித்தல் குறியை அழுத்திக் குறையுங்கள். இன்னொன்று: Ctrl+0 எப்போதும் 100-க்குப் போவதில்லை, பொது அளவுக்குத்தான் போகும். `Appearance` அமைப்பில் உள்ள `Page zoom` 125 ஆக இருந்தால் அதுவும் 125-க்கே போகும். ஆனால் அப்போது, தனிக் குறிப்பு இல்லாத எல்லாத் தளங்களும் பெரிதாகத் தெரியும். உங்கள் பிரச்சினை அதுவல்ல.

அரசு, வங்கித் தளங்கள் பலவற்றில் A+, A, A- என்று மூன்று பொத்தான்கள் இருக்கும். அவற்றால் எழுத்தைப் பெரிதாக்கினால் அதை நினைவில் வைப்பது தளம்தான். குரோமின் ஜூம் பட்டியலில் அது வராது, Ctrl+0 அதைத் தொடாது. நடுவில் உள்ள A-வை அழுத்தினால் சரியாகும்.

இரண்டில் எது என்று சந்தேகமாக இருந்தால் F12 அழுத்தி `Console` பகுதியில் `devicePixelRatio` என்று தட்டச்சு செய்து Enter கொடுங்கள். பெரிதாகத் தெரியும் தளத்தில் ஒருமுறை, சரியாகத் தெரியும் தளத்தில் ஒருமுறை பாருங்கள். விண்டோஸின் திரை அளவு 125 சதவீதமாக இருந்தால், சரியான தளத்தில் 1.25 என்றும் ஜூம் ஒட்டிக்கொண்ட தளத்தில் 1.875 என்றும் வரும். ஒன்றை மற்றதால் வகுத்தால் 1.5, அதாவது 150 சதவீதம். இரண்டிலும் ஒரே எண் வந்தால் ஜூம் மீது பழியில்லை. அந்தப் பெட்டியில் யாரோ அனுப்பிய எதையும் ஒட்டிவிடாதீர்கள், அதுவும் வங்கிப் பக்கத்தில்.

ஃபயர்பாக்ஸ் தப்பித்ததற்குக் காரணம், அது தன் ஜூம் குறிப்பைத் தனியாக வைத்திருப்பதுதான். அங்கேயும் இது நேரலாம். அப்போது முகவரிப் பட்டையில் சதவீதம் தெரியும். அதன் மேல் கிளிக் செய்தால் போதும்.