நள்ளிரவில் கொப்பியை மூட வைக்கும் வார்த்தைகள்

"மகன் இந்த முறை ஏ.எல். எழுதுகிறான், உயிரியல் பிரிவு. ஓ.எல். நேரத்திலேயே ஒவ்வொரு சோதனைக்கும் முதல் நாள் இரவு இரண்டு மணி வரை முழித்திருந்து கொப்பிகளைப் புரட்டிக்கொண்டே இருந்தான். படு என்றால் கோபம், சும்மா விட்டால் அழுகை. அந்த நேரத்தில் என்ன சொன்னால் பிள்ளை அமைதியாவான்?"
— ஓர் அம்மா, உப்புவெளி

திருகோணமலையில் பாடசாலை ஆலோசனை ஆசிரியையாக இருந்த காலத்தில், சோதனை மாதங்களில் இரவு பதினொரு மணிக்குப் பிறகு எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இதுதான். அம்மாமார் சொல்லும் முதல் வசனமும் எப்போதும் ஒன்றுதான்: "யோசிக்காமல் படு எண்டு எத்தனை தரம் சொல்லிப்போட்டன் மிஸ்."

சிக்கல் அந்த வசனத்திலேயே இருக்கிறது. குரங்கை நினைக்காமல் மருந்து குடி என்று வைத்தியர் சொன்ன கதை தெரியும்தானே? யோசிக்காதே என்றால் பிள்ளை யோசிப்பான். நித்திரைகொள் என்றால் "வந்துவிட்டதா, வந்துவிட்டதா" என்று காவல் இருப்பான். நித்திரை முயற்சி செய்து பிடிக்கிற சாமான் இல்லை. காவல் இருக்கிற வீட்டுக்கு அது வராது. "நீ கட்டாயம் நல்லாய்ச் செய்வாய்" என்பதும் அந்த நேரத்தில் உதவாது. நாளை வரப்போகும் பெறுபேற்றைப் பற்றி இன்று உறுதி சொன்னால், அது பிள்ளையின் தலையில் இன்னொரு கடனாக ஏறிவிடும். அம்மா இவ்வளவு நம்புகிறா, பிழைத்தால் எப்படி முகத்தில் முழிப்பது என்று.

அப்போ எதைச் சொல்வது? இரவு பதினொரு மணிக்குமேல் அவன் செய்துகொண்டிருப்பது என்னவென்று முதலில் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் அது படிப்பு. உள்ளே நடப்பது வேறு. வீட்டைப் பூட்டிவிட்டுப் படுத்தபின் "பூட்டினேனா" என்று எழும்பிப் போய்ப் பார்ப்போமே, அதே வேலை. ஒரு பக்கத்தைத் திறப்பான், தெரிகிறது, நிம்மதி. அடுத்ததைத் திறப்பான், சட்டென்று வரவில்லை, நெஞ்சு பதறும். களைத்த மூளைக்குத் தெரிந்த விஷயமும் மெதுவாகத்தான் வரும். அந்தத் தாமதத்தை அவன் "எனக்குத் தெரியாது" என்று படித்துவிடுகிறான். உடனே அடுத்த கொப்பி. தேடினால் எப்போதும் ஒரு ஓட்டை அகப்படும், ஆகவே இந்தத் தேடலுக்குத் தானாக முடிவு வராது. வெளியிலிருந்து ஒருவர்தான் முடித்துவைக்க வேண்டும், அதுவும் வாதாடாமல்.

வாதம் ஏன் பலிக்காது என்பதற்கு ஒரு பிள்ளையின் கதை சொல்கிறேன். அடுத்த நாள் காலை இரசாயனவியல் முதலாம் பத்திரம்: 50 பல்தேர்வு வினா, இரண்டு மணித்தியாலம். இரவு 11.40க்கு அம்மா எனக்கு எடுத்தா. பிள்ளை டி தொகுப்பு மூலகங்களின் நிறங்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். செம்பு சல்பேற்றுக் கரைசலுக்குச் செறிந்த அமோனியா விட்டால் கடும் நீலம், செறிந்த ஐதரோகுளோரிக் அமிலம் விட்டால் மஞ்சள். இது எட்டு மணிக்குத் தெரிந்ததாம், இப்போது மாறி மாறி வருகிறதாம். அதிலிருந்து ஒரு கேள்வி வந்தாலே பெரிய காரியம் என்று அம்மா சொல்லியிருக்கிறா. சரியான வாதம்தான். ஆனால் பிள்ளை என்ன சொன்னாள் தெரியுமா? "அந்த ஒண்டிலதான் கெம்பஸ் போகும்." பயத்திலிருக்கும் பிள்ளையிடம் கணக்குக் காட்டினால் அவளிடம் அதைவிடப் பெரிய கணக்கு இருக்கும்.

நான் அந்த அம்மாவிடம் வாதத்தை விட்டுவிட்டு மூன்று வசனம் மட்டும் சொல்லச் சொன்னேன். அவசரமில்லாமல், பக்கத்தில் இருந்து. நின்றுகொண்டு சொன்னால் கட்டளை போல இருக்கும்.

முதலாவது, கொப்பிக்கு: "இதை மறக்கச் சொல்லேல்லை, காலமைக்கு எழுதி வைப்பம். என்ன பார்க்கோணும், சொல்லு." சொல்லிவிட்டுப் பேனையைப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும், அம்மா எழுதக்கூடாது. ஒரு துண்டுக் கடதாசி போதும். "இரசாயனம் திரும்பப் பார்க்க" என்று பொதுவாக எழுதினால் பயனில்லை; "செம்பு, கோபாற்று நிறங்கள், சிவப்புக் கொப்பியின் கடைசிப் பக்கம், பத்து நிமிடம்" என்று இடமும் நேரமும் இருக்க வேண்டும். மூன்று வரிக்குமேல் போகவிடாதீர்கள். 2018இல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் இளைஞர்கள் 57 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். படுக்கப்போகும்போது ஐந்து நிமிடம், இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முந்தி நித்திரையானார்கள். விவரமாக எழுதியவர்களுக்குத்தான் பலன் கூட. ஒன்பது நிமிடம் பெரிய மாயம் இல்லை. ஆனால் கொப்பி மூடப்படுகிறது, அதுதான் எனக்கு முக்கியம். மூடிய கொப்பிகளை அறைக்கு வெளியே எடுத்து வையுங்கள், கடதாசி மட்டும் மேசையில் கிடக்கட்டும்.

இரண்டாவது, நித்திரைக்கு: "நித்திரை வராட்டியும் பரவாயில்லை. லைட்டை நிப்பாட்டிப்போட்டுச் சும்மா சரிஞ்சு கிட." இதைச் சொல்லத்தான் பெற்றோருக்கு மிகக் கஷ்டம். அனுமதி கொடுத்தால் விடிய விடிய முழித்திருப்பானோ என்ற பயம். நடப்பது எதிர்மாறு: காவலை எடுத்துவிட்டால் உடம்பு தன் வேலையைப் பார்க்கும். கண்ணைத் திறந்துகொண்டே இருட்டில் கிட, முழித்திரு என்று சொல்வதுகூட நித்திரையின்மைக்குப் பயன்படுத்தும் ஒரு முறைதான். ஆனால் பொய் சொல்லாதீர்கள். படுத்துக் கிடப்பதும் நித்திரையும் ஒன்றுதான் என்றால் பதினெட்டு வயதுப் பிள்ளை நம்ப மாட்டான், அது உண்மையும் இல்லை. உண்மையாகச் சொல்லக்கூடிய ஒன்று இருக்கிறது: ஆழ்ந்த நித்திரையின் பெரும்பகுதி இரவின் முதல் பாதியில் வருவது. பிந்திக் கண்ணயர்ந்தாலும் உடம்பு அதைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும். ஆக ஒரு மணிக்கு நித்திரையாகி ஐந்தரைக்கு எழும்பும் பிள்ளை எல்லாவற்றையும் இழந்துவிடவில்லை. "பிந்தினாலும் நல்ல நித்திரை முதல்ல வரும்" என்று சொல்லுங்கள், அவ்வளவு போதும்.

மூன்றாவது, விடியலுக்கு: "அஞ்சரைக்கு நான் எழுப்புவன். அட்மிஷனும் அடையாள அட்டையும் பையிலை வைச்சாச்சு, பார்." பல பிள்ளைகளின் பயத்துக்கு அடியில் கிடப்பது பாடமே இல்லை, நித்திரையாகிவிட்டால் எழும்ப மாட்டேனோ என்பதுதான். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படுவார்கள். பையைத் திறந்து காட்டுங்கள், பேனை இரண்டு, தண்ணீர்ப் போத்தல் உட்பட. பிறகு ஃபோனையும் மணிக்கூட்டையும் அந்த அறையிலிருந்து எடுத்துவிடுங்கள். இரவில் நேரம் பார்ப்பது கணக்குப் போடத்தான்: "இப்ப படுத்தாலும் நாலு மணித்தியாலம்தான்." அடுத்த அரை மணிக்கு மூன்றரை.

அந்தப் பிள்ளை 12.10க்கு லைட்டை நிறுத்தினாள். உடனே நித்திரையாகவில்லை. வீட்டுக்குப் பின்னால் மான்கள் வந்து குப்பை கிளறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தாளாம். (எங்கள் ஊர் மான்களுக்குச் சோதனை மாதம் என்ற மரியாதையெல்லாம் கிடையாது.) எப்போது கண்ணயர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. காலையில் கடதாசியைப் பார்த்தபோது நீலமும் மஞ்சளும் கேட்காமலே சரியாக வந்தனவாம், பத்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

இருபது நிமிடம்போல் கிடந்தும் புரண்டுகொண்டே இருந்தால், அவனைக் கட்டிலிலேயே வைத்திருக்காதீர்கள். எழும்பி வந்து மங்கல் வெளிச்சத்தில் விறாந்தையில் கொஞ்ச நேரம் இருக்கட்டும். மூச்சை நாலு எண்ணும்வரை எடுத்து, ஆறு எண்ணும்வரை விடச் சொல்லலாம். வெளிவிடும் மூச்சு நீளும்போது நெஞ்சுப் படபடப்பு இறங்கும். நீங்களும் சேர்ந்து செய்தால் அவனுக்குக் கூச்சம் இருக்காது. கண் சொருகும்போது மறுபடி படுக்கை. இந்த நேரம் கொப்பியைப் பற்றி அவன் கேட்டால் ஒரே பதில்: "கடதாசியிலை இருக்கு." பத்துத் தரம் கேட்டாலும் அதே பதில், அதே குரல். புதிதாக விளக்கம் சொல்லத் தொடங்கினால் தேடல் மறுபடி திறந்துவிடும்.

தேத்தண்ணி விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். ஒன்பது மணிக்குக் குடித்த பிளேன்டீயின் கஃபீனில் ஏறத்தாழ பாதி, இரண்டு மணிக்கும் இரத்தத்தில் இருக்கும். பின்னேரத்தோடு நிறுத்திவிடுங்கள். தடிமனுக்குக் கொடுக்கும் பிரிட்டோன் குளிசையை நித்திரைக்காகக் கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அதன் மந்தம் காலை எட்டரைக்கும் தலையில் நிற்கும். நித்திரை குறைந்த பிள்ளையைவிட மந்தமான பிள்ளைக்குத்தான் பத்திரம் கஷ்டம்.

இவ்வளவும் சோதனைக்கு முதல் நாள் பதற்றத்துக்கு. வாரக்கணக்கில் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, மூச்சு முட்டுகிறது என்கிறான் என்றால் வசனங்களால் சமாளிக்கப் பார்க்காதீர்கள், வைத்தியரிடம் காட்டுங்கள். "இருந்தென்ன" என்ற மாதிரி ஒரு பேச்சு வாயில் வந்தால் அன்றிரவே பக்கத்தில் படுங்கள், தனியே விடவேண்டாம். தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு எந்த நேரத்திலும் எடுக்கலாம்.

காலையில் ஒன்று மட்டும் கேட்காதீர்கள்: "நித்திரை கொண்டனியா?" அவன் மறுபடி மணித்தியாலம் எண்ணத் தொடங்குவான். இடியப்பத்துக்குச் சொதியா சம்பலா என்று கேளுங்கள். கடதாசியைத் தட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள்.