‘அக்கறையே இல்ல’ என்பதை அப்ரைசல் படிவத்தில் எப்படி எழுதுவது?

கேள்வி: திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றின் டிஸ்பேட்ச் பிரிவில் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஆறு பேருக்கு அப்ரைசல் எழுத வேண்டும், தமிழில் எழுதலாம். ஒருவரைப் பற்றி நோட்டில் குறித்திருந்ததை அப்படியே எழுதினேன்: “சொன்னா கேட்க மாட்டான். கடைசி நேரத்துல வந்து நிப்பான். அக்கறையே இல்ல.” எச்.ஆர். திருப்பி அனுப்பிவிட்டார்கள். எப்படி மாற்றுவது?

பதில்: முதலில் ‘அக்கறையே இல்ல’ என்ற வரியை அடித்துவிடுங்கள். அதை எவ்வளவு மெருகேற்றினாலும் பயனில்லை, ஏனென்றால் அது அவர் மனதைப் பற்றிய உங்கள் ஊகம். எதைப் பார்த்து அப்படித் தோன்றியதோ அதுதான் படிவத்துக்கு வேண்டும். அது பெரும்பாலும் மற்ற இரண்டு வரிகளுக்குள்ளேயே இருக்கும்.

‘கடைசி நேரத்துல வந்து நிப்பான்’ என்பதில் ஒரு நிகழ்வு இருக்கிறது. எது தாமதமானது, எந்த நேரத்துக்குள் வந்திருக்க வேண்டும், எத்தனை முறை, அதனால் யாருக்கு என்ன ஆனது என்ற நான்கையும் டிஸ்பேட்ச் ரிஜிஸ்டரிலும் வாட்ஸாப் குழுவிலும் தேடி எடுங்கள். நினைவை நம்பினால் பிப்ரவரி, மார்ச் மாதத் தவறுகள் மட்டுமே கண்முன் நிற்கும். ஜூனில் சரியாகச் செய்தது மறந்துபோயிருக்கும். தேடியதில் கிடைத்தது கீழே உள்ளபடி என்று வைத்துக்கொள்வோம். படிவத்தில் இப்படி எழுதலாம்:

“இந்த ஆண்டு கையாண்ட 22 ஷிப்மென்ட்டுகளில் 17-க்கு பேக்கிங் லிஸ்ட் குறித்த நேரத்தில் வந்தது. 5-க்கு, முந்தைய நாள் மாலை 4 மணி என்ற கெடுவைத் தாண்டி வந்தது. அவற்றில் இரண்டுக்கு ஷிப்பிங் பில் தாக்கல் தள்ளிப்போனதால் லாரி மறுநாள் காலைதான் தூத்துக்குடிக்குப் புறப்பட்டது. இனி, தாமதமாகும் என்று தெரிந்தால் அன்று பகல் 12 மணிக்குள் சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். ஜூன் வரை வாரம் ஒருமுறை இருவரும் சேர்ந்து இதைப் பார்ப்போம்.”

17 என்ற எண்ணை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் 5 மட்டும் நின்றால், படிப்பவர் அதை 5-க்கு 5 என்று எடுத்துக்கொள்வார். அந்த ஐந்தில் பேக்கிங் பிரிவிலிருந்து அட்டைப்பெட்டிகளே தாமதமாக வந்த நாட்கள் இருந்தால், அவற்றை அவர் கணக்கில் சேர்க்கக் கூடாது.

‘சொன்னா கேட்க மாட்டான்’ சற்றுச் சிக்கலானது. கோபம் ‘மாட்டான்’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. ‘மாட்டான்’ என்றால் வேண்டுமென்றே மறுக்கிறார், இனியும் மறுப்பார் என்று ஆகிவிடுகிறது. ‘செய்யவில்லை’ என்றால் நடந்ததை மட்டும் சொல்கிறது. ‘அக்கறையே’, ‘படிக்கவே’ என்று ஏகாரம் வரும் இடங்களும் அப்படித்தான். குத்தல் அந்த ஓர் எழுத்தில் உட்கார்ந்திருக்கும். ‘ஆன்’ விகுதியை ‘ஆர்’ ஆக்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ‘கேட்கவே மாட்டார்’ என்பதில் மரியாதை கூடியிருக்கிறது, குற்றச்சாட்டு அப்படியே இருக்கிறது.

எனவே, என்ன சொன்னீர்கள், எப்போது சொன்னீர்கள் என்பதை எழுதுங்கள்: “ஒவ்வொரு பெட்டிக்கும் நிகர எடை, மொத்த எடை இரண்டையும் குறிக்குமாறு ஜூலையிலும் செப்டம்பரிலும் கேட்டுக்கொள்ளப்பட்டது. நவம்பரில் இரண்டு பேக்கிங் லிஸ்ட்டுகளில் நிகர எடை குறிக்கப்படவில்லை.” இதை எழுதும்போதே, செப்டம்பரில் நடைபாதையில் போகிறபோக்கில் சொன்னது நினைவுக்கு வந்தால், குறை அவருடையது மட்டுமல்ல. அப்போது “செப்டம்பரிலும்” என்பதை எடுத்துவிட்டு, இந்த முறை எழுத்தில் கொடுங்கள்.

திருப்பி வந்த படிவத்தைத் திருத்தும்போது பலர் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். “நேர மேலாண்மையில் மேம்பாடு தேவை” என்று எழுதினால் எச்.ஆர். ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் அந்த ஊழியருக்கு எதை மாற்றுவது என்று தெரியாது. பெயரை மறைத்துவிட்டு வரியைப் படியுங்கள். ஆறு பேரில் யாருக்கும் பொருந்துகிறது என்றால் அது எதையும் சொல்லவில்லை. பக்கத்தில் போடும் மதிப்பெண்ணையும் பாருங்கள்: ஐந்து தாமதங்களை எழுதிவிட்டு நேரம் தவறாமைக்கு 5-க்கு 5 கொடுத்தால், சம்பள உயர்வு பேசும்போது அந்த முரண்பாடு உங்களிடமே திரும்பி வரும்.

படிவத்தைக் கொடுப்பதற்கு முன் அவரை உட்கார வைத்து இந்தத் தாமதக் கணக்கைப் பேசிவிடுங்கள். வருடம் முழுக்க வாய்திறக்காத குறையை முதன்முதலில் படிவத்தில் படிப்பவருக்கு, எவ்வளவு பதமாக எழுதினாலும் அது அடிதான். தேடிப் பார்த்தும் தேதியோ எண்ணோ கிடைக்காத குறையை இந்த ஆண்டு எழுதாதீர்கள். நாளையிலிருந்து நோட்டில் கருத்துக்குப் பதிலாகத் தேதி, ஷிப்மென்ட் எண், வந்த நேரம் மூன்றையும் குறித்து வையுங்கள்.