வலது டயர் மட்டும் தட்டையானால் குற்றம் யாருடையது? கேள்வி பதில்

காக்கி புக்கிட்டில் டயர், பிரேக் வேலை பார்க்கிறேன். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் தேய்மானம் பற்றியவை. முதல் கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"அண்ணே, துவாஸில் 10 அடி லாரி ஓட்டுகிறேன். வலது பின் டயரில் உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையாகிவிட்டது. சடன் பிரேக் அடித்தே டயரைக் கெடுக்கிறேன் என்று முதலாளி சம்பளத்தில் பிடிக்கப் பார்க்கிறார். டயரைப் பார்த்து யார் தப்பு என்று சொல்ல முடியுமா?"

அந்தச் சக்கரம் ஒரு நேரம் சுழலாமல் இழுபட்டது என்பதை டயர் சொல்லும். உங்கள் கால் என்ன செய்தது என்பதை அது மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

ஓடும்போது டயரின் முழுச் சுற்றும் வேலையைப் பங்குபோட்டுக்கொள்கிறது. சக்கரம் பூட்டிக்கொண்டால் தரையில் படிந்திருக்கும் அந்த உள்ளங்கை அளவு ரப்பர் மட்டும் மொத்த உராய்வையும் வாங்குகிறது. காய்ந்த சாலையில் சில மீட்டர் இழுபட்டாலே போதும், அந்த இடம் அரம் போட்டு ராவியது போலாகிவிடும். மழையில் அதே தூரம் சறுக்கினாலும் தண்ணீர் வழுக்கிவிடுவதால் இவ்வளவு சேதம் வராது. ஆகவே உங்களுடையது அநேகமாகக் காய்ந்த சாலையில் நடந்தது.

முதலில் இடது பின் டயரைப் பாருங்கள். சுமையில்லாத லாரியில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் பின்பக்கம் லேசாகி, பெரும்பாலும் இரண்டு பின் சக்கரமும் சேர்ந்தே பூட்டும். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே ஆழத்தில் தட்டை இருந்தால் உங்கள் முதலாளி பேச்சில் பாதி நியாயம் உண்டு. பாதிதான். சுமைக்குத் தக்கபடி பின் பிரேக் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு பல லாரிகளில் அச்சுக்கு மேலே ஒரு கம்பியோடு இருக்கும். அந்தக் கம்பி துருப்பிடித்து இறுகிவிட்டால் காலி லாரிக்கும் முழுச் சுமைக்கான அழுத்தம் போகும். அப்போது சாதாரண பிரேக்கே சக்கரத்தைப் பூட்டிவிடும்.

வலது மட்டும் என்றால் கதை வேறு. வலது டிரம் அதிகமாகப் பிடிக்கிறதா, இல்லை இடது டிரம் பிடிக்கவே இல்லையா? பலர் தட்டையான பக்கத்தை மட்டும் கழற்றிப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். எனக்கே ஒருமுறை அப்படி ஆனது. ஒரு மீன் லாரி, இதே போல வலது பின் டயர். தட்டைக்கு வெளியே டிரெட் 6 மில்லிமீட்டர், தட்டையில் 2. வலது டிரம்மைத் திறந்தேன், எல்லாம் சுத்தம். டயரை மாற்றி அனுப்பினேன். மூன்றே வாரத்தில் புது டயரும் தட்டை. இரண்டாம் முறைதான் இடது டிரம்மைத் திறந்தேன். வீல் சிலிண்டர் கசிந்து, லைனிங் பிரேக் ஆயிலில் ஊறிக் கிடந்தது. இடது பிடிக்காததால் வண்டி நிற்காது, நிற்காததால் ஓட்டுநர் இன்னும் அழுத்துவார், அழுத்த அழுத்த வலது பூட்டிக்கொள்ளும். அவர் செய்தது சடன் பிரேக்தான், ஆனால் அதைச் செய்யவைத்தது லாரி.

ஆக, இரண்டு பின் டிரம்மையும் ஒரே நாளில் கழற்றச் சொல்லுங்கள். நீங்களும் பக்கத்தில் நின்று படம் எடுத்துவையுங்கள். டிரம் வட்டம் கெட்டு முட்டை வடிவமாகியிருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் பூட்டும், அதையும் அளக்கச் சொல்லுங்கள். தட்டை அங்கங்கே மூன்று நான்கு இடத்தில் இருந்தால், சக்கரம் பல முறை பூட்டியிருக்கிறது. அப்போது பழக்கத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும்.

"மேலே கேட்டவர் என் அப்பா. சாலையில் இருந்த டயர் தடத்தை அளந்தேன், 14 மீட்டர். இணையத்தில் இருந்த கணக்குப்படி 50 கிலோமீட்டர் வேகம். அவர் மெதுவாகத்தான் போனார் என்று நிரூபித்துவிட்டேன் இல்லையா?"

கூட்டல் பெருக்கல் சரிதான், தம்பி. காய்ந்த தாருக்கு உராய்வு 0.7 என்று எடுத்தால் 14 மீட்டருக்கு 50 வரும். ஆனால் அந்தக் கணக்கு நான்கு சக்கரமும் பூட்டியதாக நினைத்துக்கொள்கிறது. அப்பா லாரியில் பூட்டியது ஒன்று. மற்ற மூன்றும் எவ்வளவு பிடித்தன என்று தெரியாமல் 50 என்றும் சொல்ல முடியாது, 70 என்றும் சொல்ல முடியாது. அதோடு, தடம் விழும் முன்பே கொஞ்சம் வேகம் குறைந்திருக்கும். வண்டி நிற்பதற்கு முன்பே அப்பா காலை எடுத்திருந்தால் தடம் பாதியிலேயே முடிந்திருக்கும்.

அந்தத் தடம் அப்பாவின் லாரியுடையதுதான் என்று எப்படித் தெரியும்? துவாஸ் சாலையில் தடத்துக்கா பஞ்சம்?

"ஏபிஎஸ் இருக்கிற வண்டியில் தட்டையே விழாது. என் காரில் இரண்டு பின் டயரும் தட்டை. டயர் தயாரிப்பிலேயே கோளாறு, சரிதானே?"

முதல் வரி கிட்டத்தட்ட சரி. ஏபிஎஸ் சக்கரத்தை விட்டு விட்டுப் பிடிப்பதால் நீளமாக இழுபடாது. நிற்கப்போகும் கடைசி நொடியில், நடை வேகத்தில், அது ஒதுங்கிக்கொள்ளும். அதனால் டயருக்குப் பெரிய கேடு வராது.

இரண்டு பின் டயரும் என்றால், அண்மையில் காரை இழுவை வண்டியில் ஏற்றினார்களா? பார்க்கிங் பிரேக் போட்டபடியே பன்னிரண்டு அடி தரையில் இழுத்தாலே போதும். பொத்தான் பிரேக் வந்த பிறகு இதை அடிக்கடி பார்க்கிறேன். டயரைக் குறை சொல்லும் முன் அதை விசாரியுங்கள்.

"கார் மூன்று வாரம் அடுக்குமாடிக் கார்நிறுத்தத்தில் நின்றது. எடுத்ததும் தடதட என்று ஆடுகிறது. நான் சடன் பிரேக்கே போடுவதில்லை அண்ணே!"

இது வேறு தட்டை, அக்கா. ரப்பர் தேயவில்லை, ஒரே இடத்தில் பாரம் தாங்கி அமுங்கியிருக்கிறது. காற்றைச் சரிபார்த்து, பிஐஇ விரைவுச்சாலையில் அரைமணி நேரம் ஓட்டுங்கள். டயர் சூடானதும் பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் கொண்டுவாருங்கள்.

சத்தம் டயருடையதா என்று அறிய, 18 கிலோமீட்டர் வேகத்தில் எண்ணிப் பாருங்கள். ஒரு சுற்று சுமார் 2 மீட்டர், ஆகவே இரண்டு நொடிக்கு ஐந்து 'தட்' கேட்கும். வேகம் ஏற ஏறத் தட்டும் நெருங்கிவரும். நியூட்ரலில் உருளவிட்டாலும் மாறாது.

"தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறேன். முன் டயர் இரண்டிலும் வெளி விளிம்பு மொட்டை. வேகமாகத் திரும்புகிறேன் என்று மனைவி சொல்கிறாள். அலைன்மென்ட் என்று கடைக்காரர் சொல்கிறார்."

இருவரும் சரியாக இருக்கலாம். டிரெட்டின் மேல் உள்ளங்கையைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள், முதலில் வெளியிலிருந்து உள்ளே, பிறகு எதிர்ப்பக்கமாக. ஒரு திசையில் வழவழப்பும் மறு திசையில் ரம்பம் போன்ற கூரும் பட்டால் அலைன்மென்ட். விளிம்பு வெறுமனே உருண்டு மழுங்கியிருந்தால் திருப்பங்களில் கசக்குகிறீர்கள். தினமும் எட்டாம் மாடி வரை சுற்றுப்பாதையில் ஏறி இறங்குகிறவர்களுக்கு இது சீக்கிரமே வரும். உள் விளிம்பும் சேர்ந்து தேய்ந்திருந்தால் காற்று குறைவு.

அலைன்மென்ட் செய்துவிட்டு, 5,000 கிலோமீட்டர் கழித்து அதே விளிம்பை மறுபடி அளந்து பாருங்கள். முடிவு யார் பக்கம் என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

"ஜோகூரிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருகிறேன். எனக்கும் பின் டயர் தட்டை."

நடுவில் சுற்று முழுக்கத் தட்டையா? அது விரைவுச்சாலையில் நேராகவே ஓடியதன் அடையாளம், சறுக்கல் இல்லை. டிரெட் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மாற்றுங்கள். அடையாளக் கட்டை காடியின் அடியிலேயே இருக்கிறது.

லாரிக்காரர் நேற்று மறுபடி எழுதினார். முதலாளி ஒரு டிரம்மைத்தான் திறக்க விட்டாராம். எந்தப் பக்கம் என்று கேட்டேன். வலதாம்.