ஒப்படைப்பு மின்னஞ்சலில் கடன் கணக்கு முதலில் வரட்டும்

கேள்வி: கிளிநொச்சியில் ஏ9 வீதியோர உணவகம் ஒன்றில் முகாமையாளராக இருக்கிறேன். மாத முடிவில் விலகுகிறேன். எனக்குப் பிறகு பொறுப்பெடுப்பவர் மட்டக்களப்புத் தம்பி ஒருவர்; தொழில் தெரிந்தவர், ஆனால் வன்னிப் பக்கத்தில் ஒருவரையும் தெரியாது. பொருட்கள் தருபவர்கள், அன்றாட வேலைகள், முடியாமல் கிடக்கும் விடயங்கள் எல்லாவற்றையும் மின்னஞ்சலில் எழுதிக் கொடுக்கும்படி முதலாளி சொல்கிறார். எழுத உட்கார்ந்தால் தொலைபேசி இலக்கப் பட்டியல்தான் வருகிறது. எதை எழுதுவது, எதை முதலில் எழுதுவது?

பதில்: தொலைபேசி இலக்கங்கள் கடையின் கைப்பேசியிலேயே இருக்கின்றன. அந்தத் தம்பிக்குத் தெரியாதது, யாருக்கு எவ்வளவு காசு கொடுக்க வேண்டும், எந்தத் திகதியில், என்ன பேச்சின்படி என்பதுதான். புதியவர் பொறுப்பெடுத்த செய்தி சந்தைக்கு ஒரே நாளில் போய்விடும். மறுநாள் காலையே ஒருவர் வந்து, "தம்பி, பழைய பாக்கி ஒன்று இருக்கிறது" என்பார். உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். ஆகவே மின்னஞ்சலின் முதல் பந்தி கடன் கணக்காக இருக்கட்டும்.

ஆனால் உங்கள் கொப்பியில் இருக்கும் தொகையை அப்படியே எடுத்து எழுதிவிடாதீர்கள். கடன் தருபவர் ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து, இரண்டு கொப்பிகளையும் வைத்துப் பாருங்கள். ஓர் உதாரணம்: கோழி தருபவருக்கு 86,400 ரூபாய் கொடுக்க வேண்டும் என்கிறது உங்கள் கொப்பி. அவருடைய கொப்பியோ 97,200 என்கிறது. வித்தியாசம் 10,800. சிட்டைகளைத் திகதி வாரியாக அடுக்கினால் காரணம் தெரியவரும். நீங்கள் விடுமுறையில் நின்ற ஒரு நாள் குசினியில் கோழியை இறக்கி, 7,300 ரூபாய்ச் சிட்டையை அலுமாரி ஆணியில் குத்திவிட்டார்கள். அது கொப்பியில் ஏறவில்லை. இன்னொரு நாள் 3,500 ரூபாய்க் கோழியைத் திருப்பி அனுப்பினீர்கள். அதை அவர் தன் கொப்பியில் கழிக்கவில்லை. உங்கள் பக்கம் கூட்டினாலும், அவர் பக்கம் கழித்தாலும் 93,700தான் வருகிறது. மின்னஞ்சலில் அந்தத் தொகையையும், எந்தத் திகதி வரையான கணக்கு என்பதையும் எழுதுங்கள். இரண்டு கொப்பிகளிலும் அவருடைய கையொப்பத்தை வாங்கி, அந்தப் பக்கத்தின் படத்தை இணையுங்கள். பிறகு யார் வந்து என்ன கேட்டாலும் தம்பி அந்தப் பக்கத்தைக் காட்டலாம்.

இதோடு பின்திகதியிட்ட காசோலைகளையும் சேர்க்க வேண்டும். அரிசி ஆலைக்காரர், மளிகை மொத்த வியாபாரி போன்றோருக்கு நீங்கள் கொடுத்துவைத்த காசோலைகள் நீங்கள் போன பிறகுதான் வங்கிக்குப் போகும். இலக்கம், தொகை, திகதி, யாருக்கு என்று ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுதுங்கள். கணக்கில் காசு இல்லாமல் ஒரு காசோலை திரும்பினால், பிறகு உடன் காசு இல்லாமல் மூட்டை இறங்காது. காசோலையில் கையொப்பமிடும் அதிகாரம் உங்களுக்கு இருந்தால், அதை மாற்றும்படி முதலாளி வங்கிக்கு எழுத வேண்டும் என்பதையும் அதே இடத்தில் நினைவூட்டுங்கள்.

அடுத்தது பொருட்கள் தருபவர்கள். எல்லோருக்கும் ஒரே அளவு இடம் வேண்டாம். பாண், சோடா, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் தாமாகவே வந்து சேரும். ஒரு வரி போதும். மீனுக்கு ஒரு பந்தி வேண்டும். நான் எழுதுவதென்றால் இப்படி எழுதுவேன்:

"மீன் முல்லைத்தீவிலிருந்து வருகிறது. காலை 5 மணிக்கு அண்ணரே அழைத்து, என்ன மீன், என்ன விலை என்று சொல்வார். கால் மணி நேரத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் அது அடுத்த கடைக்குப் போய்விடும். வழமையாக 12 கிலோ, வெள்ளிக்கிழமைகளில் 4 கிலோ. ஐஸைக் கொட்டிவிட்டு எங்கள் தராசில் மீண்டும் நிறுக்கவும், அவர் கோபிக்கமாட்டார். காசு ஞாயிறுதோறும் கையில் கொடுக்க வேண்டும். கார்த்திகை முதல் தை வரை கடல் கொந்தளிக்கும் நாட்களில் அவர் வரமாட்டார். அப்போது நாச்சிக்குடா வியாபாரியிடம் முதல் நாள் இரவே சொல்லிவைக்க வேண்டும். அவரிடம் கடன் கிடையாது."

வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கிழக்குக் கரை அடங்காமல் நிற்கும்போது மேற்குக் கரையில் தொழில் நடக்கும் என்பது இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் தம்பி கிழக்குக் கரை ஆள். மன்னார்ப் பக்கத்துக் கடலை அவர் நினைத்துப் பார்க்கமாட்டார். விலை உயர்ந்த நாளில் மீன் கறியின் விலையையும் கூட்டுவதா, அல்லது முட்டைக்கு மாறுவதா என்று முதலாளியோடு ஏற்கெனவே பேசியிருந்தால் அதையும் எழுதிவையுங்கள்.

அன்றாட வேலைகளில், குசினிக்கு வந்து பார்த்தாலே புரிகிறவற்றை விட்டுவிடுங்கள். இடியப்பம் எத்தனை மணிக்கு அவிகிறது என்று சமையல்காரரே சொல்லுவார். நாட்காட்டியோடு மாறுகிறவைதான் தேவை. வெள்ளிக்கிழமைகளில் மரக்கறிச் சாப்பாடு கூடும், கந்தசஷ்டி ஆறு நாளும் இறைச்சி தேங்கும். போயா தினத்தில் இறைச்சிக் கடைகள் பூட்டியிருக்கும் என்பதால் முதல் நாளே வாங்க வேண்டும். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் நாட்களில் உங்கள் கடைக்குக் கூட்டம் கூடுமா, குறையுமா? அது உங்களுக்கு மட்டுமே தெரிந்த விடயம், ஆகவே எழுதுங்கள்.

முடியாமல் கிடப்பவற்றை எழுதும்போது "பிறீசர் சரியில்லை" என்று நிறுத்தினால் யாருக்கும் பயனில்லை. "கதவின் கீழ்ப்பக்க றப்பர் தளர்ந்துவிட்டது, அந்த ஓரத்தில் ஐஸ் கட்டுகிறது, மோட்டார் நிற்காமல் ஓடுகிறது. திருத்துபவர் வந்து அளவெடுத்தார். வவுனியாவிலிருந்து றப்பர் வர வேண்டும். 12ஆம் திகதிக்குள் வராவிட்டால் அவரை அழைக்கவும். அதுவரை மீனை மற்றப் பெட்டியில் வைக்கவும்." என்ன கண்டீர்கள், என்ன செய்தீர்கள், இனி யார், எப்போது என்ற நான்கும் அதில் வந்துவிட்டன. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லிவிட்டுப் போன குறைகளையும், பிரதேச சபையின் வியாபார உரிமத்தைப் புதுப்பிக்கும் வேலையையும், மருத்துவச் சான்றிதழ் முடிந்த ஊழியர்களையும் இதே முறையில் எழுதுங்கள். ஊழியர் சேமலாப நிதி எந்த மாதம் வரை கட்டப்பட்டிருக்கிறது என்பதும் இங்கேதான் வர வேண்டும். அதில் முகாமையாளர்கள் மௌனமாகக் கடந்துபோவதை நான் நிறையவே கண்டிருக்கிறேன்.

முற்பணம் வாங்கிய ஓடர்களை மறந்துவிடாதீர்கள். அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கும் சாமத்தியச் சடங்குக்கும் வாய்ப்பேச்சில் விலை சொல்லி, முற்பணம் வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டிருப்பீர்கள். எத்தனை பேர், தலைக்கு என்ன விலை, எந்தக் கறிகள், முற்பணம் எவ்வளவு, அது எந்த நாள் கணக்கில் சேர்ந்தது என்று எழுதாவிட்டால், தம்பி அந்த வீட்டுக்காரரோடு வாசலில் நின்று வாதாட வேண்டிவரும்.

எழுதக் கூடாதவையும் உண்டு. கடவுச்சொல், காசுப் பெட்டியின் பூட்டு இலக்கம், யாருக்குக் குடிப்பழக்கம், யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை என்பவற்றை நேரில் சொல்லுங்கள். மின்னஞ்சல் யாருடைய கைப்பேசியிலும் திறக்கும். முதலாளிக்கு அதே மின்னஞ்சலின் பிரதி போக வேண்டும். கடன் தொகைகளை அவர் "சரி" என்று ஒரு வரியில் பதிலெழுதினால் உங்களுக்கும் பாதுகாப்பு.

கடைசி நாளில் அனுப்பாதீர்கள். ஐந்து நாள் முந்தி அனுப்பினால், அந்த ஐந்து காலையும் 5 மணி அழைப்பைத் தம்பியே எடுக்கலாம். மீன்கார அண்ணரின் பேச்சு பிடிபடாவிட்டால், பக்கத்தில் நீங்கள் நிற்பீர்கள்.