விசா நேர்காணலுக்கு முன் வரும் விடியற்காலைக் கனவு

கேள்வி: எனக்கு வயது 22, ஊர் மேலூர். அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது. இன்னும் ஒன்பது நாளில் சென்னையில் விசா நேர்காணல். ஒரு வாரமாக ஒரே கனவு. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிப் போய் இறங்கினால் அது நான் படித்த பள்ளிக்கூடம். கண்ணாடிக்குப் பின்னால் என் பத்தாம் வகுப்பு கணக்கு டீச்சர் உட்கார்ந்து, பல்கலைக்கழகம் அனுப்பிய ஐ-20 படிவத்தைக் கேட்கிறார். ஃபைலைத் திறந்தால் ரேஷன் கார்டும் கரண்ட் பில்லும்தான் இருக்கின்றன. பேச வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. நாலு, நாலரைக்கு வியர்த்துப்போய் விழித்துக்கொள்கிறேன். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று அம்மா பயப்படுகிறார். படபடப்புக்கு நல்லது என்று அண்ணனின் நண்பர் கொடுத்த புரோப்ரனலால் 20 மி.கி. மாத்திரையை மூன்று நாளாக இரவில் போடுகிறேன். கனவு இன்னும் பயங்கரமாகிவிட்டது. சின்ன வயதில் எனக்கு வீசிங் இருந்தது. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த மாத்திரையை இன்றைக்கே நிறுத்துங்கள். புரோப்ரனலால் இதயத் துடிப்பைக் குறைக்கும், கை நடுக்கத்தை அடக்கும். ஒற்றைத் தலைவலி உட்பட சில நோய்களுக்கு நாங்களே எழுதிக் கொடுக்கிற நல்ல மருந்துதான். ஆனால் வீசிங் வந்தவர்களுக்கு அது மூச்சுக் குழாயைச் சுருக்கிவிடும். அந்த நேரத்தில் இன்ஹேலர் அடித்தாலும் வழக்கம்போல் கேட்காது. வீசிங் வந்தே பல வருடம் ஆகியிருந்தாலும் இந்த ஆபத்து உண்டு. நெஞ்சு இறுக்கமாகவோ, மூச்சு விடும்போது விசில் சத்தமாகவோ இருந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை போட்டதைச் சொல்லுங்கள். இதய நோய்க்காக மாதக்கணக்கில் இதைச் சாப்பிடுகிறவர்கள் திடீரென்று நிறுத்தக் கூடாது. நீங்கள் மூன்று நாள்தான் போட்டிருக்கிறீர்கள், அப்படியே விட்டுவிடலாம்.

கனவு மோசமானதற்கும் இந்த மாத்திரைக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம். ரத்த அழுத்தத்துக்குத் தரும் இந்த வகை மருந்துகளில் புரோப்ரனலால் மூளைக்குள் எளிதாகப் போகக்கூடியது. அழுத்தமான கனவுகளும் கெட்ட கனவுகளும் அதன் தெரிந்த பக்கவிளைவுகள். கனவு ஒரு வாரமாக இருக்கிறது, மாத்திரை மூன்று நாளாகத்தான். அதனால் கனவைத் தொடங்கியது மாத்திரை இல்லை. ஏற்கெனவே வந்துகொண்டிருந்த கனவுக்கு அது காரம் கூட்டியிருக்கிறது.

இனி அந்த நாலு மணிக்கு வருவோம். நம் தூக்கம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மூடிய இமைக்குள் கண் வேகமாக அசைகிற ஒரு கட்டம் வரும். அதற்கு ரெம் தூக்கம் என்று பெயர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953-ல் இதைப் பற்றி எழுதினார்கள். கதைபோல நீளும், உணர்ச்சி பொங்கும் கனவுகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் வருகின்றன. முன்னிரவில் இது சில நிமிடங்களில் முடிந்துவிடும். விடிய விடிய நீண்டு, கடைசிச் சுற்றுகளில் அரை மணி நேரம்கூட ஓடும். நீங்கள் பதினொரு மணிக்குப் படுத்தால் நாலு, நாலரை என்பது சரியாகக் கனவு அடர்த்தியாக இருக்கும் நேரம். அதன் நடுவில் விழித்தால் கனவு அப்படியே நினைவில் நிற்கும். இரண்டு மணிக்கு வந்த கனவு தூக்கத்தோடு கரைந்துபோயிருக்கும், அது வந்ததே உங்களுக்குத் தெரியாது.

உங்கள் அம்மா சொல்வதில் பாதி சரி. விடியற்காலைக் கனவுக்குத் தனி இடம் உண்டுதான். நீளமாக, தெளிவாக, மறக்காமல் நிற்பதால் அதற்குத் தனி மதிப்பு வந்துவிட்டது. அவர் அறிந்திருக்க வேண்டிய இன்னொரு விஷயமும் இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் எரின் வாம்ஸ்லியின் ஆய்வில், ஆய்வில் சேர்ந்தவர்கள் சொன்ன கனவுகளில் கிட்டத்தட்ட நாலில் ஒன்று, வரப்போகும் ஏதோவொரு நிகழ்ச்சியைத் தொட்டிருந்தது. அப்படிப்பட்டவை இரவின் பிற்பகுதியில்தான் கூடுதலாக இருந்தன. ஆக, வரப்போகும் நாளைப் பற்றி விடியற்காலையில் கனவு வருவது இயல்பு. மூளை அங்கே நாளைய வேலையைப் போட்டுப் பார்க்கிறது. நடக்கப்போவது என்னவென்று அதற்கும் தெரியாது.

உடம்பும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஜெர்மனியில் 1999-ல் நடந்த ஒரு சோதனையில் சிலரிடம் காலை ஆறு மணிக்கு எழுப்புவோம் என்று சொல்லித் தூங்க வைத்தார்கள். விழிப்புக்குத் தயாராக்கும் ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் அவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே ஏற ஆரம்பித்தது. ஒன்பது மணிக்கு எழுப்புவதாகச் சொல்லிவிட்டு ஆறு மணிக்கே திடீரென்று எழுப்பியபோது அந்த ஏற்றம் முன்கூட்டி வரவில்லை. நாளைக்கு என்ன காத்திருக்கிறது என்ற நினைப்பைத் தூங்குகிற உடம்பும் வைத்திருக்கிறது. முக்கியமான நாளில் அலாரத்துக்கு முன்பே எழுந்துவிடுகிறோமே, அது இந்தக் கணக்குதான்.

சரி, கணக்கு டீச்சர் எங்கிருந்து வந்தார்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி உங்கள் கடிதத்தில் இதுதான். நீங்கள் தூதரகத்தை இதுவரை பார்த்ததில்லை. பார்க்காத இடத்தைக் கட்ட மூளையிடம் செங்கல் கிடையாது. அதனால், ‘ஒருத்தர் கேட்பார், நான் பதில் சொல்லணும், தப்பானால் போச்சு’ என்ற உணர்வோடு ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கும் இடத்தை எடுத்துக்கொள்கிறது. உங்களுக்கு அது பத்தாம் வகுப்பு. கண்ணாடித் தடுப்பு மட்டும் நீங்கள் வீடியோக்களில் பார்த்ததாக இருக்கலாம். ரேஷன் கார்டும் கரண்ட் பில்லும் முகவரிச் சான்றுக்காக நம் வீடுகளில் ஆண்டாண்டாகத் தூக்கித் திரிகிற காகிதங்கள். அரசாங்கக் கவுண்ட்டர் என்றாலே அவைதான் முதலில் கைக்கு வருகின்றன. ரெம் தூக்கத்தில் பயத்தைக் கவனிக்கும் அமிக்டலா சுறுசுறுப்பாக இருக்கிறது, ‘இது பொருந்தவில்லையே’ என்று தட்டிக் கேட்க வேண்டிய மூளையின் முன்பகுதி தணிந்திருக்கிறது. அதனால்தான் பள்ளிக்கூடத்தில் விசா என்பது கனவுக்குள் உங்களுக்கு விசித்திரமாகத் தெரிவதில்லை. சத்தம் வராததற்கும் ஒரு விளக்கம் உண்டு. அந்தக் கட்டத்தில் உடலின் பெரும்பாலான தசைகள் தளர்ந்து செயலற்று இருக்கும். பேச முயல்கிறோம், உடம்பு ஒத்துழைக்கவில்லை என்பதை மூளை கதைக்குள் சேர்த்துவிடக்கூடும்.

எப்போதும் தோற்கிற மாதிரியே ஏன் வருகிறது என்பதற்கு பாரிஸ் ஆய்வு ஒன்று நல்ல வெளிச்சம் தருகிறது. மருத்துவப் படிப்புக்கான போட்டித் தேர்வு எழுதிய எழுநூறுக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கேட்டு 2014-ல் வெளியிட்டார்கள். சுமார் 60 சதவீதம் பேர் தேர்வுக்கு முந்தைய இரவில் தேர்வைக் கனவு கண்டிருந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை தாமதமாகப் போவது, விடை மறந்துபோவது என்று சொதப்பல் கனவுகளே. அந்தப் பருவத்தில் அடிக்கடி தேர்வுக் கனவு கண்டவர்கள் தேர்வில் சற்று நன்றாகவே செய்திருந்தார்கள். கனவு மதிப்பெண் போட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. அந்தத் தேர்வை நெஞ்சில் ஏற்றிக்கொண்டவர்களுக்குக் கனவும் வந்திருக்கலாம், படிப்பும் ஏறியிருக்கலாம். ஆனால் தோல்விக் கனவு வந்தவர்கள் தோற்றுப்போவார்கள் என்பதற்கு இது நேர் எதிரான சாட்சி. அம்மாவிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

இரவுக்கு என்ன செய்யலாம்? நீங்கள் எழுதாத ஒன்றை யூகித்துக் கேட்கிறேன்: நாலரைக்கு விழித்ததும் போனை எடுத்து விசா டெலிகிராம் குரூப்பைப் பார்க்கிறீர்களா? என்னிடம் வரும் மாணவர்களில் பலர் பார்க்கிறார்கள். ‘ஒரே கேள்வி, ரிஜெக்ட்’ என்று யாரோ போட்டதைப் படித்துவிட்டுப் படுத்தால் அடுத்த இரவுக்கான சரக்கு தயார். அந்தக் குரூப்பைச் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் திறக்காதீர்கள். போன் அடுத்த அறையில் கிடக்கட்டும், எழுப்ப ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் போதும். படுக்கும் முன் ஐந்து நிமிடம், மறுநாள் செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். ‘பாங்க் ஸ்டேட்மென்ட் பிரிண்ட், ரயில் டிக்கெட்’ என்ற அளவில் துல்லியமாக. இப்படி எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள் என்று தூக்க ஆய்வகத்திலேயே பார்த்திருக்கிறார்கள்.

கனவை நேரடியாகத் தொடும் முறையும் இருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவுக்கு நாங்கள் கற்றுத் தரும் ‘கற்பனை ஒத்திகை’ அது. பகலில், வெளிச்சத்தில் உட்கார்ந்து கனவை எழுதுங்கள். அப்புறம் அது எந்த இடத்தில் உடைகிறதோ அங்கிருந்து மாற்றி எழுதுங்கள். உங்கள் கனவு ஃபைலைத் திறக்கும் இடத்தில் உடைகிறது. அதனால் இப்படி: டீச்சர் ஐ-20 கேட்கிறார். ஃபைலைத் திறக்கிறேன், மேலே கரண்ட் பில் இருக்கிறது. ‘ஒரு நிமிஷம்’ என்கிறேன், என் குரல் எனக்குக் கேட்கிறது. பில்லை ஒதுக்குகிறேன், அடியில் பாஸ்போர்ட், அப்பாயின்ட்மென்ட் தாள், டிஎஸ்-160 விசா விண்ணப்ப உறுதித் தாள், ஐ-20 வரிசையாக இருக்கின்றன. எடுத்து நீட்டுகிறேன். விசா கிடைத்துவிட்டது என்று முடிக்க வேண்டாம் என்பது என் கருத்து. அது உங்கள் கையில் இல்லை, மனசும் நம்பாது. உங்கள் கை செய்யக்கூடியதோடு நிறுத்துங்கள். இதைத் தினமும் பத்து நிமிடம் கண்ணை மூடி ஓட்டிப் பாருங்கள். பல நாள் பழகியவர்களுக்கே முழுப் பலன், ஒன்பது நாளில் கனவு முற்றாக நிற்கும் என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலும் வேகம் தணியும். நிஜமான ஃபைலையும் இதே வரிசையில் அடுக்கிவிடுங்கள்.

பயணத்தில் ஒரு கவனம். கைரேகைப் பதிவுக்குத் தனியாக முன்னரே போக வேண்டியிருப்பதால் எப்படியும் சென்னையில் தங்க நேரும். நேர்காணலன்று அதிகாலை பாண்டியன் எக்ஸ்பிரஸில் போய் இறங்கி நேராகப் போகும் திட்டம் வேண்டாம். ரயிலிலும் தூக்கம் கெடும், புது இடத்தில் முதல் இரவும் தூக்கம் லேசாகத்தான் இருக்கும். முடிந்தால் நேர்காணலுக்கு முன் இரண்டு இரவுகள் ஒரே வீட்டில் படுங்கள். அந்த இரவில் தூக்கம் வரவில்லை என்று அல்பிரசோலம் மாதிரி மயக்கம் தரும் மாத்திரை எதையாவது யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். காலையில் நாக்கும் நினைவும் மந்தமாக இருக்கும். ஒரு இரவு சரியாகத் தூங்காமல் போனாலும் சில நிமிடக் கேள்வி பதிலுக்கு அது தடையாகாது.

நேர்காணல் முடிந்து மூன்று, நான்கு வாரம் ஆன பிறகும் இதே கனவு தூக்கத்தைக் கெடுத்தாலோ, கனவு பயத்தில் படுக்கவே தயங்கினாலோ, தூக்கத்தில் எழுந்து கையை காலை வீசுகிறீர்கள் என்று வீட்டில் சொன்னாலோ, மனநல மருத்துவரைப் பாருங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கனவே இல்லாமல் மூச்சு முட்டி, நெஞ்சு அடித்துக்கொண்டு எழுந்தால் அது வேறு கதை. தூக்கத்தில் வரும் பதற்றத் தாக்காக இருக்கலாம், உங்களுக்கு வீசிங்காகவும் இருக்கலாம். அதற்கு நேர்காணல் முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.