ப்ளூ டிக் மறுக்கப்பட்டதா? முதலில் சான்றிதழில் உள்ள பெயரைப் பாருங்கள்

கேள்வி: நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறையும் கடையும் வைத்திருக்கிறேன். கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு ப்ளூ டிக் கேட்டு, ஜிஎஸ்டி சான்றிதழை இணைத்து விண்ணப்பித்தேன், மறுத்துவிட்டார்கள். உடனே மறுபடி விண்ணப்பிக்கலாமா? பணம் கொடுத்தால் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கார்த்திகை வியாபாரத்துக்குள் கிடைத்தால் நல்லது.

பதில்: உடனே விண்ணப்பிக்க வேண்டாம். மறுப்பு வந்த நாளிலிருந்து 30 நாள் காத்திருக்க வேண்டும் என்பது இன்ஸ்டாகிராமின் விதி. அந்த முப்பது நாளைச் சும்மா கழிக்காமல், சான்றிதழையும் பக்கத்தையும் ஒன்றோடொன்று பொருந்த வைக்கப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ப்ளூ டிக் கிடைக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. செட்டிங்ஸில் `Request verification` என்று இருப்பது கட்டணமில்லாத வழி. அதில் கடை உண்மையானது என்பதோடு, பலரும் தேடி அறியும் அளவுக்குப் பெயர்பெற்றது என்பதையும் செய்தி இணைப்புகள் மூலம் காட்ட வேண்டும். காசு கொடுத்துப் போட்ட விளம்பரச் செய்திகள் கணக்கில் சேரா. உங்கள் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். நாச்சியார்கோவில் விளக்குக்குப் புவிசார் குறியீடு உண்டு, ஊரைப் பற்றி நாளிதழ்கள் எழுதியும் இருக்கின்றன. ஆனால் அது ஊருக்குக் கிடைத்த பெயர். உங்கள் கடையையே பெயர் சொல்லி எழுதிய செய்திகள் வெவ்வேறு இதழ்களில் இல்லையென்றால், இந்த வழியில் நேரத்தைச் செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து. இரண்டாவது, மாதச் சந்தாவில் கிடைக்கும் `Meta Verified`. அதில் புகழைக் கேட்பதில்லை. நீங்கள் சொல்லும் கடை நீங்கள்தானா என்பதை மட்டும் ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

அந்த ஒப்பீட்டில்தான் பெயர்ச் சிக்கல் வருகிறது. ஜிஎஸ்டி தளத்தில் நுழைந்து, உங்கள் பதிவுச் சான்றிதழை (படிவம் `REG-06`) இறக்கி, முதல் இரண்டு வரிகளைப் படியுங்கள். தனிநபர் உரிமைக் கடை என்றால் `Legal Name` என்ற இடத்தில் பான் அட்டையில் உள்ளபடி உங்கள் சொந்தப் பெயர் இருக்கும். கடைப் பெயர் இருக்க வேண்டிய இடம் அதற்கு அடுத்த `Trade Name, if any`. ஆரம்பத்தில் பதிவு செய்துகொடுத்தவர் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தால், உங்கள் பக்கம் ஒரு பெயரையும் சான்றிதழ் வேறொரு பெயரையும் சொல்லும். சரிபார்ப்பவருக்கு இரண்டையும் இணைக்கும் சான்று எதுவும் கையில் இருக்காது.

இதைத் திருத்த ஜிஎஸ்டி தளத்திலேயே `REG-14` விண்ணப்பம் போடலாம். அதிகாரி 15 வேலை நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும் என்பது விதி. ஆகவே மறுப்பு வந்த வாரத்திலேயே தொடங்கினால் முப்பது நாள் முடிவதற்குள் திருத்திய சான்றிதழ் கைக்கு வர வாய்ப்பு அதிகம். கூடவே சிறு, குறு தொழில்களுக்கான உதயம் பதிவும் செய்துவைக்கலாம்: அந்தச் சான்றிதழில் நிறுவனத்தின் பெயருக்கென்றே தனி இடம் இருக்கிறது, அரசுத் தளத்தில் அதற்குக் கட்டணமும் கிடையாது. (இதற்குப் பணம் கேட்கும் தனியார் தளங்கள் நிறைய உள்ளன, முகவரி `gov.in` என்று முடிகிறதா என்று பாருங்கள்.)

அடுத்தது எழுத்து. உங்கள் ஊரின் பெயரையே ஒரு ஆவணத்தில் Nachiyarkoil என்றும், மின் கட்டண ரசீதில் Nachiarkovil என்றும், பக்கத்தில் Nachiyar Koil என்றும் எழுதியிருப்பார்கள். நமக்கு எல்லாம் ஒரே ஊர்தான். ஒப்பிடுபவருக்கு மூன்று முகவரிகள். ஜிஎஸ்டி சான்றிதழில் உள்ள எழுத்தையே கடைப் பெயர், முகவரி இரண்டுக்கும் பக்கத்தில் வையுங்கள். பக்கத்தின் பெயரை வெறும் ஊர்ப் பெயரும் சரக்கும் சேர்ந்ததாக வைக்காமல், பதிவான கடைப் பெயராகவே மாற்றிவிடுங்கள். டிக் கிடைத்த பிறகு பெயரை மாற்றினால் மறுபடி சரிபார்ப்புக்குப் போகும் என்பதால், இந்த முடிவை இப்போதே எடுப்பது நல்லது.

விண்ணப்பிக்கும் நாளில், சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்பாதீர்கள். கண்ணாடியில் டியூப்லைட் விழுந்து வரி மறையும், ஓரம் வெட்டுப்படும். தளத்திலிருந்து இறக்கிய கோப்பையே இணையுங்கள். உள்ளே நுழையும்போது கடவுச்சொல்லோடு ஒரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைக் கணக்கில் போட்டுவையுங்கள். முடிவு வருவதற்குள் இன்னொரு முறை அனுப்பினால் முதல் விண்ணப்பமே ரத்தாகிவிடும்.

வாங்கித் தருவதாகச் சொல்பவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: கடவுச்சொல்லோ ஓடிபியோ வேண்டுமா? வேண்டும் என்றால் அவர் குறிவைப்பது உங்கள் கணக்கு. சந்தா கட்டும் இடம் செயலிக்குள்ளேயே இருப்பதால், நடுவில் ஆள் தேவையே இல்லை. ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். பணமும் போயிருந்தால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யுங்கள்.