பெட்ரோலா டீசலா: கோத்தகிரி ரோட்டுக்கு ஒரு அட்டவணை

கேள்வி: கோத்தகிரியில் சின்னதாக ஒரு துணிக்கடை வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை கோயம்புத்தூர் போய்ச் சரக்கு எடுத்து வர வேண்டும். தினமும் பிள்ளைகளை ஸ்கூலில் விடுவது, மார்க்கெட், கடை என்று உள்ளூரிலும் ஓட்டம் இருக்கிறது. 2018 மாடல் பழைய கார் இரண்டு பார்த்து வைத்திருக்கிறோம். பெட்ரோல் வண்டி 4,10,000, டீசல் வண்டி 5,20,000. பெட்ரோலுக்கு 20, டீசலுக்கு 25 மைலேஜ் கிடைக்கும், மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் டீசலே லாபம் என்கிறார் புரோக்கர். எங்களிடம் பழைய ஸ்கூட்டர் ஒன்றும் இருக்கிறது. அஞ்சு வருஷம் ஓட்டும் எண்ணம். எதை எடுக்கலாம் ஐயா?
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: பெட்ரோல் வண்டியை எடுங்கள். ஆனால் புரோக்கர் சொன்ன கணக்கை வைத்து அல்ல. அவர் சொன்ன 20, 25 இரண்டும் சமவெளி ரோட்டில் நிதானமாக ஓட்டினால் வரக்கூடிய எண்கள். உங்கள் வண்டி மாதத்தில் பாதிக்கு மேல் மலையில்தான் ஓடப்போகிறது.

அவர் கணக்கையே முதலில் போட்டுப் பார்த்துவிடுவோம். தூரத்தை மைலேஜால் வகுத்தால் லிட்டர், லிட்டரை விலையால் பெருக்கினால் ரூபாய். இதற்குமேல் இதில் வித்தை எதுவும் இல்லை. பெட்ரோல் 102, டீசல் 94 என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் பங்க்கில் அன்றைக்கு என்ன விலையோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆயிரம் கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 50 லிட்டர், 5,100 ரூபாய். டீசல் 40 லிட்டர், 3,760 ரூபாய். மாதம் 1,340 ரூபாய் மிச்சம் என்று காட்டுகிறது.

இதில் கோளாறு, மைலேஜ் என்று ஒரே ஒரு எண்ணை வைத்ததுதான். உங்கள் ஓட்டத்தை நான்காகப் பிரியுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் 33 கிலோமீட்டர் ஒன்று. அதே 33 கிலோமீட்டர் இறங்குவது இன்னொன்று. மேட்டுப்பாளையம், கோவை, டவுனுக்குள் சுற்றுவது எல்லாம் சேர்த்து சமவெளியில் ஒரு நடைக்கு 80 கிலோமீட்டர் என்று வைக்கிறேன். நான்காவது, உள்ளூர் ஓட்டம்: நாளுக்கு 12 கிலோமீட்டர், மாதம் 25 நாள். மாதத்துக்கு நான்கு நடை. கூட்டினால் 884 கிலோமீட்டர்தான் வருகிறது. ஆயிரம் என்பது வாய்க்கு வந்த எண். பெரும்பாலானோர் தங்கள் ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள்.

கீழே உள்ள மைலேஜ் எண்கள் இந்த அளவு காருக்கு மலையில் நான் எதிர்பார்ப்பவை. உங்கள் வண்டிக்கு ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கும்.

| பகுதி | மாத கி.மீ. | பெட்ரோல் மைலேஜ் | பெட்ரோல் லிட்டர் | டீசல் மைலேஜ் | டீசல் லிட்டர் |
|---|---|---|---|---|---|
| மலை ஏற்றம் | 132 | 9 | 14.7 | 12 | 11.0 |
| மலை இறக்கம் | 132 | 28 | 4.7 | 33 | 4.0 |
| சமவெளி | 320 | 18 | 17.8 | 22 | 14.5 |
| உள்ளூர் | 300 | 11 | 27.3 | 14 | 21.4 |
| மொத்தம் | 884 | 13.7 | 64.4 | 17.3 | 51.0 |
| ரூபாய் | | | 6,570 | | 4,790 |

ஏற்றத்துக்கு 9 என்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆளோடு சேர்த்து ஆயிரத்து நூறு கிலோ எடையுள்ள வண்டியை அவ்வளவு உயரம் தூக்க மட்டுமே கிட்டத்தட்ட 2 லிட்டர் பெட்ரோல் எரியும். அதே 33 கிலோமீட்டரை சமதரையில் ஓட்டினாலும் 1.8 லிட்டர் ஆகும். இரண்டும் சேர்ந்தால் 3.8 லிட்டர்; மைலேஜ் 9-க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. துணிக்கட்டு நூற்றைம்பது கிலோ ஏற்றிக்கொண்டு குஞ்சப்பனை தாண்டினால் இன்னும் குறையும். இறங்கும்போது சரக்கு இருக்காது என்பதால் அந்தப் பக்கம் ஈடும் கிடைக்காது.

இறக்கத்தில் 28 கிடைப்பது வண்டி கியரில் இருந்தால்தான். கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்றைய இன்ஜெக்‌ஷன் இன்ஜின் எரிபொருளையே நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுழற்றும். நியூட்ரலில் விட்டால் இன்ஜின் ஐடிலில் எரிந்துகொண்டே இருக்கும், பிரேக்கும் தனியாகச் சூடேறும். மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குகிறவர் காசும் மிச்சம் பிடிப்பதில்லை, அடுத்த கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடிக்குமா என்ற உத்தரவாதமும் இல்லை.

அட்டவணையின் மொத்த வரிசையில் 13.7 என்று இருப்பதைக் கவனித்தீர்களா? 9, 28, 18, 11 என்ற நான்கையும் கூட்டி நான்கால் வகுத்தால் 16.5 வரும். நிறையப் பேர் போனிலேயே இந்த அட்டவணையைப் போட்டு, கடைசிக் கட்டத்தில் சராசரி எடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பெட்ரோல் செலவு மாதத்துக்கு 1,100 ரூபாய் குறைவாகத் தெரியும். காரணம், மைலேஜ் என்பது லிட்டரைத் தலைகீழாகச் சொல்லும் எண். இறக்கத்தில் 28-க்கும் 33-க்கும் ஐந்து வித்தியாசம், மிச்சமோ முக்கால் லிட்டருக்கும் குறைவு. ஏற்றத்தில் 9-க்கும் 12-க்கும் மூன்றுதான் வித்தியாசம், மிச்சம் 3.7 லிட்டர். அதனால் கூட்ட வேண்டியது லிட்டரைத்தான். போனில் போடுவதாக இருந்தால் B-யில் கிலோமீட்டர், C-யில் மைலேஜ், D-யில் விலை என்று இரண்டாவது வரிசையிலிருந்து தொடங்குங்கள். E லிட்டர், F ரூபாய். E2, F2 இரண்டையும் ஐந்தாவது வரிசை வரை கீழே இழுத்துவிடுங்கள். கடைசி வரி மொத்த மைலேஜுக்கு:

```
E2:  =B2/C2
F2:  =E2*D2
C6:  =SUM(B2:B5)/SUM(E2:E5)
```

இப்போது டீசலுக்கு வருவோம். மலைக்கணக்கில் டீசலின் மிச்சம் புரோக்கர் காட்டியதைவிட அதிகமாகவே இருக்கிறது: மாதம் 1,780 ரூபாய். அவர் விற்க வந்த வண்டிக்கு அவரே குறைத்துச் சொல்லிவிட்டார், பாவம். மலையில் டீசலுக்கு இன்னொரு சாதகமும் உண்டு. உயரம் கூடக் கூடக் காற்று மெலிவதால் டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினுக்கு இழுவை குறையும். டர்போ டீசலுக்கு அந்தச் சிரமம் அவ்வளவாகத் தெரியாது.

ஆனால் நீங்கள் 1,10,000 ரூபாய் கூடக் கொடுக்கிறீர்கள். அதை 1,780-ஆல் வகுத்தால் 62 மாதம். டீசல் வண்டிக்கு ஆயில், ஃபில்டர் என்று சர்வீஸில் ஆண்டுக்கு நாலாயிரம் கூட ஆகும் என்று வையுங்கள், மாதம் 330 போகும். மீதி 1,450. அப்போது 76 மாதம், அதாவது ஆறு வருஷமும் நாலு மாதமும். நீங்கள் ஓட்டப்போவது ஐந்து வருஷம். விற்கும்போது டீசலுக்கு விலை கொஞ்சம் கூடக் கிடைக்கலாம், ஆனால் ஐந்து வருஷம் கழித்து யார் என்ன கொடுப்பார் என்று இன்றைக்கே எழுதித்தர ஆள் இல்லை. அதனால் நான் சேர்க்கவில்லை.

என்னைக் கேட்டால் அட்டவணையில் பார்க்க வேண்டிய வரி காட் ரோடு அல்ல, உள்ளூர் வரிதான். மாதச் செலவைத் தின்பது கோவை நடை என்றுதான் நீங்களும் நினைத்திருப்பீர்கள். பாருங்கள், நான்கு ஏற்றத்துக்கும் சேர்த்தே 15 லிட்டருக்குள். டானிங்டனுக்கும் மார்க்கெட்டுக்கும் ஸ்கூலுக்கும் நடுவில் காலையில் குளிர்ந்த இன்ஜினோடு இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டுவதற்கு 27 லிட்டர். இன்ஜின் சூடாகும் முன்பே நிறுத்திவிடுகிறீர்கள். ஏற்றத்தில் ஃபர்ஸ்ட் கியர், பஸ் பின்னால் காத்திருப்பு, மறுபடியும் ஃபர்ஸ்ட்.

அந்த 300 கிலோமீட்டரை உங்கள் ஸ்கூட்டர் ஓட்டினால், லிட்டருக்கு 40 கிடைத்தாலும் ஏழரை லிட்டர், 765 ரூபாய். பெட்ரோல் காரில் அது 2,780 ரூபாய். எல்லா நாளும் முடியாதுதான்; அக்டோபர், நவம்பர் மழையில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் எடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். பாதி நாள் எடுத்தாலே மாதம் ஆயிரம் ரூபாய் மிஞ்சும். அதோடு கார் ஓடும் தூரம் குறையக் குறைய டீசலுக்குக் கூடக் கொடுத்த காசு திரும்பி வருவதும் தள்ளிப்போகும். உள்ளூர் முழுக்க ஸ்கூட்டருக்குப் போய்விட்டால் டீசலின் மிச்சம் சர்வீஸ் போக மாதம் 680 ரூபாய்தான். 1,10,000-ஐ எடுக்கப் பதின்மூன்று வருஷம் ஆகும். உங்களுக்குப் பெட்ரோல் என்று நான் சொன்னது இதனால்தான். வாரம் மூன்று நடை கோவை போகிறவர் கேட்டிருந்தால் டீசல் என்று சொல்லியிருப்பேன்.

முன்பணம் கொடுக்கும் முன் பெட்ரோல் வண்டியை ஒருமுறை கீழே இறக்கி ஏற்றிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கோத்தகிரியில் டேங்க் ஃபுல் செய்யுங்கள். நாசில் தானாக ஒருமுறை நின்றதும் போதும், அதற்குமேல் திணிக்க வேண்டாம். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, மேட்டுப்பாளையம் போய்த் திரும்பி, அதே பங்க்கில் அதே மெஷினில் அதே திசையில் நிறுத்தி மறுபடி ஃபுல். நம் மலைப் பங்க்குகளில் தரை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்; வண்டியைத் திருப்பி நிறுத்தினால் ஒரு லிட்டர்கூட மாறும். நான் ஒருமுறை இப்படித் திருப்பி நிறுத்தி அளந்துவிட்டு, என் பழைய வண்டி மலையில் 19 கொடுக்கிறது என்று ஒரு வாரம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஏற்ற இறக்கம் சேர்ந்த 66 கிலோமீட்டருக்கு அட்டவணைப்படி 4.8 லிட்டர் பிடிக்க வேண்டும். ஐந்துக்குள் வந்தால் வண்டி சரி. ஆறைத் தாண்டினால் டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டு இன்னொரு நடை போய் அளந்து பாருங்கள். அப்போதும் ஆறு என்றால் கிளட்ச் வழுக்குகிறதா, பிரேக் உரசுகிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு, அதற்கான செலவை 4,10,000-இலிருந்து கழித்துக் கேளுங்கள்.